போன் மோகேப்பில் வில்லடி: நடுக்கத்தை எடுத்தால் அடியும் போகிறது

வடசேரியான்
3 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

போன் வீடியோவிலிருந்து எடுத்த அசைவை வைத்து ஒரு வில்லுப்பாட்டுப் புலவரை த்ரீடியில் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆள் உட்கார்ந்து வில்லை அடித்துப் பாட வேண்டும், அவ்வளவுதான். நடப்பது, ஓடுவது எதுவும் கிடையாது.

ஆடிக் கொடை முடிந்த மறுநாள் சாயங்காலம் கோவில் மண்டபத்தில் பிடித்தேன். ஒரே போன், நேர் எதிரே ஸ்டாண்டில், 30 பிரேம். அந்த வீடியோவை மோகேப் மென்பொருளில் கொடுத்து, வந்த பிவிஹெச் கோப்பை பிளெண்டரில் என் ரிக்குக்கு மாற்றினேன். கை, தோள், தலை எல்லாம் தனித்தனியாக, விடாமல் உதறுகிறது. கிராஃப் எடிட்டரில் கர்வுகளை ஸ்மூத் செய்தால் உதறல் போகிறது. ஆனால் வீசுகோல் நாணில் படுவதும் கூடவே போய்விடுகிறது. நாணுக்கு நாலு விரற்கடை மேலேயே கை மெதுவாகத் திரும்பி ஏறிவிடுகிறது. காதில் அடி விழுகிறது, கண்ணில் விழவில்லை.

ஸ்மூத்தைக் குறைத்தால் அடி வருகிறது, உதறலும் வருகிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

குளச்சல் லைவ்
3 ஆகஸ்ட், இரவு 10.40

ஒன் யூரோ ஃபில்டர் போடு மக்கா, முடிந்தது. 2012ல் வந்த முறை, இன்றைக்கும் போன் டிராக்கிங்கில் பாதிப்பேர் அதைத்தான் ஓட்டுகிறார்கள். கை மெதுவாகப் போகும்போது நன்றாக வடிகட்டும், வேகமாகப் போகும்போது விட்டுவிடும். நடுக்கம் தெரிவது கை சும்மா இருக்கும்போதுதானே. நான் லைவில் கேம் ஆடும்போது என் பாத்திரத்துக்கு அதுதான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை.

மார்த்தாண்டம் கேமரா
4 ஆகஸ்ட், காலை 7.05

ஸ்டாண்ட் ஆடியிருக்கும் தம்பி. கொடைப் பந்தலில் ஸ்பீக்கர் அதிர்வுக்கே ஸ்டாண்ட் ஆடும், கல்யாண வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். போனில் ஸ்டெபிலைசேஷனை ஆன் செய்துவிட்டு மறுபடி எடுங்கள். இல்லையென்றால் ஜிம்பல்.

தக்கலை ரிக்கர்
4 ஆகஸ்ட், இரவு 9.20

திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் ரிக்கிங் வேலை பார்க்கிறேன். இந்தச் சிக்கல் அடிக்கடி கைக்கு வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கேமரா அண்ணனுக்கு. ஸ்டாண்ட் ஆடினால் உடம்பு மொத்தமும் ஒரே திசையில் சேர்ந்து ஆடும். வடசேரியான் சொல்வதில் தோள் ஒரு பக்கம், மணிக்கட்டு ஒரு பக்கம் என்று தனித்தனியாக உதறுகிறது. அது ஒவ்வொரு பிரேமிலும் மென்பொருள் மூட்டைப் புதிதாக ஊகிப்பதால் வருவது. ஸ்டெபிலைசேஷன் ஆன் செய்தால் இன்னும் மோசமாகும். பெரும்பாலான போன்களில் அது படத்தின் ஓரத்தை வெட்டி, நகர்த்தி, சில சமயம் வளைத்தும்தான் வேலை செய்கிறது. ஆள் சும்மா இருந்தாலும் அவர் படத்தில் நகர்ந்துகொண்டே இருப்பார். ஸ்டாண்டில் வைத்த போனுக்கு அது வேண்டவே வேண்டாம்.

இனி அடி ஏன் காணாமல் போகிறது என்று பார்ப்போம். புலவர் நொடிக்கு மூன்று அடி அடிக்கிறார் என்று வைப்போம். கையின் ஏற்ற இறக்கம் 3 ஹெர்ட்ஸ். ஆனால் அது வளைந்து வளைந்து போகும் மெல்லிய அலை இல்லை. கீழே நாண் தடுத்ததும் கோல் சட்டென்று எகிறுகிறது. கர்வில் அந்த இடம் கூர்முனையாக இருக்கும். அந்தக் கூர்மையைக் கொடுப்பது 6, 9, 12 ஹெர்ட்ஸில் இருக்கும் வேகமான சமாச்சாரம். உதறல் குடியிருப்பதும் அதே இடத்தில்தான். நடையை ஆராய்கிறவர்கள் 6 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டுவார்கள், நடைக்கு அது போதும். அதே எண்ணை வில்லடிக்குப் போட்டால் மிஞ்சுவது 3 ஹெர்ட்ஸ் அலை மட்டும். உங்கள் பாத்திரத்தின் கை மேலேயே மிதந்து திரும்புவது அதனால்தான்.

ஆகவே ஒரே ஃபில்டர், ஒரே எண், முழு கர்வுக்கும் என்று போனால் எந்த எண்ணும் சரிவராது. அடி விழும் பிரேம் எது என்று வேறொரு வழியில் தெரிந்துகொண்டு, அந்த இடத்தைத் தொடாமல் இடைப்பட்ட பகுதியை மட்டும் வடிகட்ட வேண்டும். அந்த வேறொரு வழி உங்களிடமே இருக்கிறது. வீடியோவில் சத்தம் இருக்கிறதல்லவா?

குளச்சல் தம்பி சொன்ன ஒன் யூரோ பாதி சரி. வேகத்தைப் பார்த்து வடிகட்டும் யோசனை நல்ல யோசனை. ஆனால் கை கீழே இறங்கித் திரும்பும் கணத்தில் வேகம் சுழியத்தைத் தாண்டித்தான் போகிறது. அது போக, அந்த ஃபில்டர் வேகத்தையும் முதலில் வடிகட்டித்தான் எடுக்கிறது, வழக்கமாக 1 ஹெர்ட்ஸில். மேலே கீழே, மேலே கீழே என்று மாறி மாறிப் போகும் கையின் வேகம் அந்த வடிகட்டலில் ஒன்றையொன்று தின்றுவிடும். கை பறக்கிறது, ஃபில்டரோ அது மெதுவாகப் போகிறது என்று நினைக்கிறது. `dcutoff` எண்ணைக் கூட்டினால் ஓரளவு தேறும். அதோடு, லைவில் அடுத்த பிரேம் தெரியாது, அதனால் கொஞ்சம் பிந்துவதைப் பொறுத்துக்கொள்கிறோம். வடசேரியானிடம் முழுப் பதிவும் கையில் இருக்கிறது. அவர் எதற்குப் பிந்த வேண்டும்?

மண்டபத்தில் என்ன வெளிச்சம், பிரேம் ரேட் உண்மையிலேயே 30 தானா, இரண்டையும் சொல்லுங்கள்.

குளச்சல் லைவ்
4 ஆகஸ்ட், இரவு 9.50

dcutoff விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. லைவில் கையை ஆட்டி டாட்டா காட்டினால் கை பாதிதான் ஆடும், அது ஏன் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் லைவுக்கு அதுதான் சிறந்தது என்பதில் மாற்றமில்லை.

வடசேரியான்
5 ஆகஸ்ட், இரவு 11.00

மண்டபத்தில் இரண்டு டியூப்லைட். வெளியே மழை இருட்டு. பிரேம் ரேட்டை இப்படிப் பார்த்தேன்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 vil.mp4
```

முதல் வரியில் 30/1 என்று இருக்கிறது. இரண்டாவது வரியில் பெரிய பின்னம் ஒன்று, வகுத்தால் 26க்குப் பக்கம்.

அப்புறம் அக்கா சொன்ன மாதிரி சத்தத்தை பிளெண்டரின் சீக்வென்சரில் போட்டு அலைவடிவத்தைக் காட்ட வைத்தேன். ஒவ்வொரு அடியும் செங்குத்தாக எழுகிறது, கண்ணால் பார்த்தே குறிக்கலாம். ஆனால் ஆரம்பத்தில் சத்தமும் கையும் சேர்ந்து போகிறது, போகப் போக விலகுகிறது. சில நொடி தாண்டினாலே கை மேலே இருக்கும்போது அடிச் சத்தம் வருகிறது.

தக்கலை ரிக்கர்
5 ஆகஸ்ட், இரவு 11.25

அந்த விலகல்தான் அடையாளம். வெளிச்சம் போதாதபோது போன் தானாக ஒவ்வொரு பிரேமையும் அதிக நேரம் திறந்து வைக்கிறது. 30 எடுக்க வேண்டிய நொடியில் 26 எடுக்கிறது, சில நொடிகளில் இன்னும் குறைவு. வீடியோவாகப் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு பிரேமிலும் அதன் நேரம் எழுதியிருக்கும், பிளேயர் அதன்படி ஓட்டும். உங்கள் மோகேப் மென்பொருள் அந்த நேரத்தைப் பார்க்கவில்லை. பிரேம்களை வரிசையாக எண்ணி, எல்லாம் சம இடைவெளி என்று எடுத்துக்கொண்டது. பிவிஹெச் கோப்பைத் திறந்தால் `Frame Time: 0.033333` என்று ஒரே எண்தான் இருக்கும்.

இதனால் கை ஒரு இடத்தில் திடீரென வேகமாகவும் அடுத்த இடத்தில் மெதுவாகவும் போகும். உதறல் என்று நீங்கள் பார்ப்பதில் ஒரு பங்கு இதுவாக இருக்கும். இதை எந்த ஸ்மூத்தும் சரிசெய்யாது. மென்பொருளில் கொடுப்பதற்கு முன்பே பிரேம்களைச் சமப்படுத்த வேண்டும்:

```
ffmpeg -i vil.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a copy vil30.mp4
```

இது விட்டுப்போன இடத்தில் முந்தைய பிரேமையே மறுபடி வைக்கும். நேரம் சரியாகும், ஆனால் இல்லாத பிரேம் வந்துவிடாது. அதனால் முடிந்தால் மறுபடி பிடியுங்கள். பகலில், 60 பிரேமில்.

மார்த்தாண்டம் கேமரா
6 ஆகஸ்ட், காலை 6.50

மறுபடி எடுப்பதென்றால் 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுக்கலாமே. அடி எங்கே விழுகிறது என்று தெள்ளத் தெளிவாகத் தெரியும்.

தக்கலை ரிக்கர்
6 ஆகஸ்ட், மதியம் 1.30

பகல் வெளிச்சம் என்றால் அண்ணன் சொல்வது நடக்கும். டியூப்லைட்டில் நடக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 240ல் எடுத்தால் ஒரு பிரேம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும், மென்பொருள் அதற்கேற்றபடி மூட்டை நகர்த்தும். உள்ளே எடுத்தே ஆக வேண்டுமென்றால் 60 பிரேமில், ஷட்டர் 1/100. விளக்கின் ஒரு சுற்று முழுதும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் 1/100ல் வேகமான கை கலங்கலாக விழும். பகல் நிழலில் 1/250 வைத்தால் கை வெட்டினாற்போல் வரும். 240 பிரேமில் மென்பொருளுக்கு ஆகும் நேரத்தையும் பாருங்கள். 60 போதும் என்பது என் எண்ணம்.

வடசேரியான்
6 ஆகஸ்ட், இரவு 10.10

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிக்க இறங்கும் கை நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்று வைத்தால், 30 பிரேமில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே கை 6, 7 சென்டிமீட்டர் போய்விடுகிறது. அடி இரண்டு பிரேமுக்கு நடுவில் விழுந்தால், ஸ்மூத் எதுவும் போடாமலே கை 3 சென்டிமீட்டர் வரை மேலே நிற்கும். 60ல் அது பாதியாகிறது. அப்போதும் நாணில் சரியாகப் படாது. ஆக, கை நாணைத் தொடுவதைப் பதிவிலிருந்து எதிர்பார்க்கவே கூடாது, நாம்தான் வைக்க வேண்டும். நேரத்தைப் பதிவு தரும், இடத்தை நாணே தரும்.

அடிமுறை மாணவன்
7 ஆகஸ்ட், காலை 5.40

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் எங்கள் ஆசான் சுவடு வைப்பதைப் போனில் எடுத்து த்ரீடியில் போடப் பார்க்கிறேன். ஸ்மூத் செய்தால் ஊன்றிய கால் தரையில் வழுக்குகிறது. களரி மண்ணில் கால் அப்படிப் போகவே போகாது. இதற்கும் சத்தம் பார்த்துக் குறிக்க வேண்டுமா? மண்ணில் சத்தம் வராதே.

தக்கலை ரிக்கர்
7 ஆகஸ்ட், இரவு 8.45

உங்களுக்குச் சத்தம் வேண்டாம். பாதத்தின் உயரமும் வேகமும் சேர்ந்து குறைந்திருக்கும் பிரேம்கள்தான் ஊன்றிய பிரேம்கள். அந்தத் துண்டு முழுக்கப் பாதத்தின் ஐகேயை ஒரே இடத்தில் பூட்டிவிட்டு, முழங்காலை ரிக்கே மடக்கிக்கொள்ள விடுங்கள். வழுக்கலுக்குக் காரணம் பாதம் இல்லை, இடுப்பு. இடுப்பைக் கொஞ்சம் வடிகட்டினாலும் அந்த மாற்றம் தொடை, முழங்கால் வழியாக இறங்கிப் பாதத்துக்கு வந்துவிடும். முதலில் இடுப்பை முடித்துவிட்டுப் பிறகு காலைப் பூட்டுங்கள். தாவும் சுவடு வந்தால் தனி இழை போடுங்கள், அது வேறு பாடு.

வடசேரியான்
10 ஆகஸ்ட், இரவு 9.30

இன்று மறுபடி பிடித்தாயிற்று. புலவர் வீட்டுத் திண்ணை, காலை பத்து மணி, மேகமூட்டம். நிழலும் இல்லை, கண்ணைக் கூசும் வெயிலும் இல்லை. 60 பிரேம், ஷட்டர் 1/250, ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டியது, ஸ்டெபிலைசேஷன் ஆஃப். எடுத்த கையோடு ffprobe பார்த்தேன், இரண்டு வரியும் ஒரே எண்.

போனை நேர் எதிரே வைக்காமல் அவருடைய வலது முன்புறம் சாய்வாக வைத்தேன். நேர் எதிரே வைத்தால் கை கேமராவை நோக்கி வருவதும் போவதுமாக இருக்கிறது. அந்தத் திசையில்தான் உதறல் மிக அதிகம், ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் ஊகம்தானே. சாய்வாக வைத்தால் கையின் வீச்சு படத்துக்குள்ளேயே மேலும் கீழுமாகத் தெரிகிறது. இந்த ஒரு மாற்றத்திலேயே வலது கையின் கர்வு பாதி அடங்கிவிட்டது. இடது முன்புறம் இன்னொரு போன் வைத்தேன், அது ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

தோளில் துண்டு போட்டுக்கொண்டுதான் அடிப்பேன் என்றார் புலவர். துண்டு நகரும்போதெல்லாம் தோள் மூட்டும் கூடவே நகர்கிறது என்று பழைய பதிவைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குடம், உடுக்கை, ஜால்ரா யாரும் இல்லாமல் வில் மட்டும். எல்லோரும் சேர்ந்து அடித்தால் அலைவடிவத்தில் எந்த முனை யாருடையது என்று தெரியாது, குடம் பல இடத்தில் வில்லடியோடு சேர்ந்தே விழும்.

தொடங்கும் முன் கோலைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்காரச் சொல்லி சில நொடிகள் எடுத்தேன். ஆள் அசையாதபோது வரும் உதறல் முழுவதும் மென்பொருளுடையது. அதன் அளவு தெரிந்தால், ஆடும்போது வருவதில் எவ்வளவு அதன் பங்கு என்று பார்க்கலாம்.

வடசேரியான்
12 ஆகஸ்ட், இரவு 11.40

வேலை போகும் விதத்தை எழுதுகிறேன், இதே பாதையில் வருகிறவர்களுக்கு உதவும்.

பிளெண்டரில் சீனை முதலில் 60 பிரேமுக்கு மாற்றிவிட்டுத்தான் பிவிஹெச்சையும் சத்தத்தையும் கொண்டுவந்தேன். அலைவடிவம் செங்குத்தாக எழும் இடத்திலெல்லாம் M அழுத்தி மார்க்கர். மணிகளின் கிலுக்கம் அடிக்குப் பிறகும் ஓடுகிறது, ஆனால் எழும் விளிம்பு தெளிவாகவே இருக்கிறது. போன் மூன்று மீட்டர் தள்ளி இருந்தது. சத்தம் அங்கே வர 9 மில்லிநொடி, ஒரு பிரேமைவிடக் குறைவு, அதனால் திருத்தவில்லை.

சுழற்சிக் கர்வுகளில் முதலில் செய்தது `Discontinuity (Euler) Filter`. 179 டிகிரியிலிருந்து மைனஸ் 179க்குத் தாவும் இடம் ஒன்று தோளில் இருந்தது. அதை அப்படியே வடிகட்டினால் கை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும்.

பிறகு வலது மணிக்கட்டின் இடத்தை எக்ஸ், ஒய், இசட் என்று தனியே எடுத்து பைதானில் வடிகட்டினேன். அடிக்கும் அடிக்கும் நடுவே 6 ஹெர்ட்ஸ் பட்டர்வொர்த் ஃபில்டரைப் போட்டபோது பழைய 30 பிரேம் பதிவின் வேகமான பகுதியில் `padlen` பிழை வந்து நின்றது. நொடிக்கு நாலு அடி அடிக்கும் இடத்தில் துண்டுக்கு ஏழெட்டுப் பிரேம்தான் இருக்கிறது, அது குறைந்தது பத்துப் பிரேம் கேட்கிறது. புதிய பதிவில் ஓடியது. ஆனால் துண்டின் இரண்டு முனையிலும் கர்வு தாறுமாறாக இழுபட்டது.

தக்கலை ரிக்கர்
13 ஆகஸ்ட், காலை 7.30

கால் நொடி நீளத் துண்டுக்கு 6 ஹெர்ட்ஸ் பட்டர்வொர்த் போடுவதில் பொருளே இல்லை தம்பி, பிழை வராவிட்டாலும் போடக் கூடாது. அந்தத் துண்டுக்குள் ஒன்றரைச் சுற்றுதான் இருக்கிறது. சாவிட்ஸ்கி கோலே போடுங்கள். அது சின்ன ஜன்னலுக்குள் ஒரு வளைகோட்டைப் பொருத்திப் பார்க்கும் முறை, ஓரத்தையும் தாங்கும்.

```python
from scipy.signal import savgol_filter
y = x.copy()
for a, b in zip(hits, hits[1:]):
    if b - a >= 7:
        y[a+1:b] = savgol_filter(x[a:b+1], 7, 3)[1:-1]
```

`hits` என்பது உங்கள் மார்க்கர் பிரேம்கள். அடி விழும் பிரேமைத் தொடவில்லை, நடுவில் மட்டும். தொடாமல் விட்டதால் அந்தப் பிரேமின் சொந்த உதறல் அப்படியே இருக்கும், ஒரு அடி நாணுக்கு மேலே, ஒரு அடி நாணுக்குள்ளே என்று. அதற்குத்தான் ஐகே. ஒவ்வொரு மார்க்கரிலும் கையின் ஐகே குறியைக் கோல்நுனி நாணில் படும்படி வைத்துக் கீ கொடுங்கள். அடுத்த பிரேமிலேயே விலக விடுங்கள். இரண்டு மூன்று பிரேம் நாணோடு ஒட்டி நின்றால் கோலில் பசை தடவினாற்போல் தெரியும்.

மீடியன் ஃபில்டர் போடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பிரேம் தாவலை எடுக்க அது நல்லது. ஆனால் வில்லடியும் ஒற்றைப் பிரேம் முனைதான், அதையும் சேர்த்தே சீவும். தலைக்கும் இடுப்புக்கும் போடுங்கள், வலது கைக்கு வேண்டாம்.

வடசேரியான்
14 ஆகஸ்ட், இரவு 10.55

அடி விழுகிறது! ஐகே கீ வைத்து ஓட்டியதும் பக்கத்து அறையிலிருந்து அம்மா வந்து பார்த்தார்கள்.

கால்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சம்மணமிட்ட காலை வில்லும் குடமும் மறைக்கின்றன. மென்பொருள் முழங்காலை ஊகித்து ஊகித்து மேலே தூக்குகிறது. அதை வடிகட்டிப் பயனில்லை, அதில் உண்மையே இல்லை. இடுப்புக்குக் கீழே எல்லாக் கீயையும் அழித்துவிட்டு ஒரே போஸ் கொடுத்தேன். மணிக்கட்டின் முறுக்கும் அப்படித்தான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மென்பொருள் அங்கே குறிக்கும் ஒன்றிரண்டு புள்ளிகளில் சரியாகத் தெரிவதில்லை. கோல் வேறு பதிவிலேயே இல்லை. வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கட்டை நானே கீ செய்கிறேன்.

இப்போது தோளையும் தலையையும் வடிகட்டப் போகிறேன். அங்கே அடி கிடையாது, பட்டர்வொர்த் 5 ஹெர்ட்ஸ் போதுமென்று நினைக்கிறேன்.

வில்லடிக்காரர் பேரன்
15 ஆகஸ்ட், மதியம் 12.20

இழையை முதலிலிருந்து படித்தேன். எங்கள் தாத்தா வில்லடித்தவர். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, வில் தெரியும்.

தோளை வடிகட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அடி விழுந்ததும் நாண் எகிறுவது கையில் ஏறித் தோள் வரை வரும். பழகிய புலவருக்குத் தோள் லேசாக ஒரு குலுங்கு குலுங்கும், தலையும் கூட ஒரு வெட்டு வெட்டும். தாத்தாவுக்கு அந்த வெட்டு இடப்பக்கம். அதைப் பார்த்தே தூரத்திலிருந்து ஆளைச் சொல்லிவிடுவோம். கதை உச்சத்துக்குப் போகும்போது அது கூடும். அதையும் நடுக்கம் என்று எடுத்துவிட்டால் உங்கள் பொம்மை அடிக்கும், ஆனால் அது புலவராக இருக்காது.

குளச்சல் லைவ்
15 ஆகஸ்ட், மதியம் 12.45

அப்படியென்றால் தோளைத் தொடாமல் விட்டுவிடலாம். கொஞ்சம் உதறினால் உயிரோட்டமாக இருக்கும்.

வடசேரியான்
15 ஆகஸ்ட், இரவு 10.20

பேரன் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டுத் தோள் வேலையை நிறுத்தியிருக்கிறேன். குளச்சல் சொல்வதுபோல் அப்படியே விட முடியாது. மென்பொருளின் உதறல் அடியோடு சேர்ந்து வருவதில்லை, பாட்டை நிறுத்திக் கதை சொல்லும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அது உயிரோட்டம் இல்லை.

இரண்டாவது போன் வைத்தது இதற்காகத்தான். இரண்டு பதிவையும் முதல் அடியின் சத்தத்தை வைத்துச் சேர்த்து, தோளின் உயரத்தை மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். அசையாமல் உட்கார்ந்த நொடிகளில் இரண்டு கர்வும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் துடிக்கின்றன, வீச்சு ஒரு சென்டிமீட்டருக்குள். அடிக்கும் பகுதியில், ஒவ்வொரு அடிக்கும் மூன்று நாலு பிரேம் கழித்து இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு சிறு மேடு எழுகிறது. இரண்டு கேமராவும் தனித்தனியே ஒரே பொய்யை ஒரே நேரத்தில் சொல்லாது. அந்த மேடு புலவருடையது.

தக்கலை ரிக்கர்
16 ஆகஸ்ட், காலை 8.10

நல்ல சோதனை. ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டு போன் வீடியோவையும் ஒரே மென்பொருள்தான் படிக்கிறது. கை வேகமாக இறங்கும்போது தோளையும் கூடவே கீழே இழுக்கும் பழக்கம் அதற்கு இருந்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில்தான் தெரியும். சம்பந்தமில்லாத உதறலைத்தான் இரண்டு கேமரா காட்டிக்கொடுக்கும், இந்த மாதிரிச் சாய்வைக் காட்டிக்கொடுக்காது.

கை இறங்கும்போதே தோள் நகர்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அடி விழுந்து மூன்று நாலு பிரேம் கழித்து என்றால் நம்பலாம் என்றே தோன்றுகிறது. வீடியோவைப் பெரிதாக்கி, தோளில் ஒரு மச்சமோ தழும்போ இருந்தால் அதைப் பிரேம் பிரேமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

வடசேரியான்
17 ஆகஸ்ட், இரவு 9.05

துண்டு இல்லாததால் ருத்ராட்ச மாலை வெளியே தெரிகிறது. வலது தோளின் மேலே கிடக்கும் மணியைப் பிரேம் பிரேமாகப் பார்த்தேன். அடிக்குப் பிறகு எழும்புகிறது, இறங்குகிறது. மாலை தானாகவும் ஆடும் என்பதால் தோலில் உள்ள மடிப்பையும் பார்த்தேன், அதுவும் நகர்கிறது. தோள் குலுங்குவது உண்மை.

தலையின் வெட்டுக்கு இதே நம்பிக்கை வரவில்லை. வலது போனில் தெரிகிறது, இடது போனில் சில அடிகளுக்குத்தான் தெரிகிறது. புலவரிடமே கேட்டேன், தனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்.

இப்போதைக்குத் தோளுக்கு இப்படிச் செய்திருக்கிறேன். இரண்டு போனின் கர்வுகளையும் சராசரி எடுத்தால் சம்பந்தமில்லாத உதறல் குறைகிறது, மேடு நிற்கிறது. அதன்மேல் 10 ஹெர்ட்ஸ் பட்டர்வொர்த் மட்டும். கதை சொல்லும் பகுதியில் 4 ஹெர்ட்ஸ் வரை இறக்கினேன், அங்கே இழக்க ஒன்றும் இல்லை. மாறும் இடத்தில் இருபது பிரேம் கலந்துவிட்டேன்.

வில்லடிக்காரர் பேரன்
17 ஆகஸ்ட், இரவு 9.40

அவருக்கு எப்படித் தெரியும்? அடிக்கிறவருக்கு அது தெரியாது, பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். கூட குடம் அடிக்கிறவரிடம் கேளுங்கள்.

மார்த்தாண்டம் கேமரா
18 ஆகஸ்ட், காலை 7.15

தலைக்கு இடது போன் வெளிச்சம் எப்படி என்று பாருங்கள். திண்ணையில் ஒரு பக்கம் சுவர் என்றால் அந்தப் பக்க முகம் இருட்டாக விழுந்திருக்கும், கண்ணும் காதும் பிடிபடாது. ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி வெளிச்சத்தைத் திருப்பி விட்டால் போதும்.

வடசேரியான்
18 ஆகஸ்ட், இரவு 10.30

அண்ணன் சொன்னது சரிதான், இடது பக்கம் சுவர். அந்தப் பதிவில் இடது காது நிழலில் கிடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைக்காக மட்டும் ஒரு பதிவு எடுக்கிறேன், வேட்டி கட்டி, குடம் அடிக்கிறவரையும் வரச் சொல்லி. அதுவரை தலைக்கு 5 ஹெர்ட்ஸே இருக்கட்டும். வெட்டு உண்மை என்று தெரிந்தால் பழைய கர்விலிருந்து எடுத்து மேலே சேர்த்துக்கொள்ளலாம், வடிகட்டாத பிரதியைத் தனி ஆக்ஷனாக வைத்திருக்கிறேன்.

அடிமுறை மாணவன்
19 ஆகஸ்ட், காலை 5.30

இடுப்பை முதலில் முடித்துவிட்டுக் காலைப் பூட்டினேன், வழுக்கல் நின்றது. ஆனால் குதிகால் தரையில் இருக்க, முன்பாதம் மட்டும் திரும்பும் சுவடு ஒன்று உண்டு. முழுப் பாதத்தையும் பூட்டினால் அது செத்துவிடுகிறது. தனி இழை போடுகிறேன் அக்கா, அங்கே வாருங்கள்.